சுரைக்காயை வெட்டியதும் முதலில் நாக்கில் வையுங்கள்

விடியற்காலையில் மஞ்சக்குப்பம் மைதானத்தைச் சுற்றி நடப்பவர்களில் பலர் வீடு திரும்பியதும் ஏதாவது ஒரு பச்சைச் சாறு குடிக்கிறார்கள். அருகம்புல், வாழைத்தண்டு, வெண்பூசணி, சுரைக்காய் என்று ஆளுக்கு ஒன்று. புதுச்சேரி கடற்கரைச் சாலையில் நடப்பவர்களும் இதே பழக்கக்காரர்கள்தான். சர்க்கரைக்கு நல்லது, கொழுப்பைக் குறைக்கும் என்று ஒருவர் சொல்ல, கேட்டவர் மறுநாளே மிக்சியை எடுத்துவிடுகிறார். இந்தச் சாறுகளில் சுரைக்காய்க்கு மட்டும் தனியாக ஒரு எச்சரிக்கை தேவைப்படுகிறது. சுரைக்காய் கசந்தால் அது விஷம். அந்தக் கசப்புச் சாற்றைக் குடித்து நம் நாட்டில் ஆட்கள் இறந்திருக்கிறார்கள்.

நல்ல சுரைக்காய் கசக்கவே கசக்காது. பச்சையாகக் கடித்தால் வெள்ளரிப் பிஞ்சைப் போல நீர்த்த சுவை, லேசான பச்சை வாசனை, கடைசியில் துளி இனிப்பு, அவ்வளவுதான். கசப்பு என்பது அந்தக் காயில் இருக்கவே கூடாத ஒன்று. அதனால்தான் அதைக் கண்டுபிடிப்பதும் எளிது. காயை வெட்டியதும் ஒரு சின்னத் துண்டை நாக்கில் வைத்தால் போதும். இவ்வளவு எளிதான ஒன்றை எங்கள் குடும்பமே செய்யாமல் விட்டதால்தான் இதை எழுதுகிறேன்.

என் பெரியப்பா நெல்லிக்குப்பம் பக்கத்தில் இருக்கிறார். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர். இரண்டு வருஷமாகக் காலையில் சுரைக்காய்ச் சாறு குடித்துவந்தார். அதில் பாதிப் பாகற்காயும் சேரும், கொஞ்சம் இஞ்சி, எலுமிச்சை, உப்பு. ஒரு நாளும் ஒன்றும் ஆனதில்லை. காய் பெரும்பாலும் கடையில் வாங்கியது. ஒரு மே மாதம், அக்னி நட்சத்திர வெயிலில், தோட்டத்துக் குப்பைக்குழி ஓரம் தானாக முளைத்து வேலியில் ஏறியிருந்த கொடியில் முதல் காய் விளைந்தது. பெரியம்மா ஆசையாகப் பறித்து வந்தார். பாதியை வெட்டிச் சாறு எடுத்தார், மீதிப் பாதி ஃபிரிட்ஜுக்குள் போனது.

காலை ஆறேகால் மணிக்குப் பெரியப்பா ஒரு டம்ளர் நிறையக் குடித்தார். "இன்னிக்கு என்ன இவ்ளோ கசக்குது?" என்று கேட்டிருக்கிறார். "பாவக்கா முத்தலா இருந்திருக்கும்" என்று பெரியம்மா சொல்லியிருக்கிறார். அவரும் ஒப்புக்கொண்டு மிச்சத்தைக் குடித்து முடித்தார். அரை மணி நேரத்தில் வயிற்றைப் புரட்டியது. பித்தம் என்று நினைத்து எலுமிச்சம்பழச் சாறு கொடுத்தார்கள். அதையும் வாந்தி எடுத்தார். வயிற்றுவலி முறுக்கிப் பிடித்தது, பேதியும் சேர்ந்துகொண்டது. எட்டு மணிவாக்கில் வாந்தியில் ரத்தம் வந்தது. எழுந்து நின்றவர் கண் இருட்டுகிறது என்று அப்படியே உட்கார்ந்துவிட்டார். உடம்பெல்லாம் குளிர்ந்து வியர்த்திருந்தது. அதன் பிறகுதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

அங்கே நாங்கள் சொன்னது "சுகர் பேஷன்ட், காலையிலிருந்து வாந்தி" என்பதுதான். சாற்றைப் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை. மறைக்கவேண்டும் என்று இல்லை, உடம்புக்கு நல்லது என்று குடித்த ஒன்று யாருக்கும் நினைவிலேயே வரவில்லை. குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தபோது மருத்துவர் கடைசியாகச் சாப்பிட்டது என்ன என்று திரும்பக் கேட்டார். அப்போதுதான் பெரியம்மா சாற்றைச் சொன்னார். நான்காம் நாள் பெரியப்பா வீடு திரும்பினார். வயிற்றுப் புண் ஆற மேலும் சில வாரம் மாத்திரை சாப்பிட்டார்.

அவரைச் சேர்த்த அன்று சாயங்காலம் நான் அவர்கள் வீட்டுக்குப் போய் ஃபிரிட்ஜில் இருந்த அந்தப் பாதிச் சுரைக்காயை எடுத்தேன். பார்க்க அத்தனை அழகு. வெள்ளைச் சதை, பிஞ்சு விதை, சொத்தை இல்லை, நாற்றம் இல்லை. அரிசி அளவு கிள்ளி நுனிநாக்கில் வைத்தேன். உடனே துப்பினேன். வாயை நாலு தடவை கொப்பளித்தும் கசப்பு அடித்தொண்டையில் வெகுநேரம் நின்றது. பாகற்காய்க் கசப்பு அப்படி இருக்காது. காலையில் பெரியம்மா செய்யவேண்டியிருந்த வேலை இந்த ஒரு கிள்ளல்தான். அது அவருக்குத் தெரியாது, எங்களில் யாருக்குமே தெரியாது.

கசப்பு எங்கிருந்து வருகிறது

சுரை, பூசணி, பீர்க்கு, புடல், வெள்ளரி, தர்பூசணி எல்லாம் ஒரே குடும்பத்துக் கொடிகள். பூச்சியும் விலங்கும் தங்களைத் தின்றுவிடாமல் இருக்க இந்தக் குடும்பம் குக்குர்பிட்டாசின் என்ற கசப்புப் பொருளை உற்பத்தி செய்கிறது. காட்டுக் கொடிகளில் இது நிறைய இருக்கும். மனிதர்கள் பல ஆயிரம் வருஷமாகக் கசக்காத காய்களின் விதையையே எடுத்து எடுத்து விதைத்ததால், நாம் சமைக்கும் வகைகளில் அந்தப் பொருள் காய்க்குள் கிட்டத்தட்ட இல்லாமல் போய்விட்டது. ஆனால் கொடிக்கு அதை உண்டாக்கத் தெரியாமல் போய்விடவில்லை. சில சூழ்நிலைகளில் அது திரும்ப வருகிறது.

நம் மொழியில் இதற்குப் பெயரே இருக்கிறது. பேய்ச்சுரை, பேய்ப்பீர்க்கு, பேய்ப்புடல், பேய்க்கும்மட்டி. நாம் தின்னும் கொடியைப் போலவே இலையும் பூவும் இருக்கும், காய் மட்டும் கசந்து குடலைப் பிடுங்கும். அவற்றுக்குத்தான் முன்னோர் இந்தப் பெயரை வைத்தார்கள். என் ஆயா சுரைக்காய் அரியும்போது முதல் துண்டைக் கடித்துத் துப்பிவிட்டுத்தான் மீதியை அரிவார். அது ஒரு பழக்கம் என்றே சின்ன வயதில் நினைத்திருந்தேன். பேய்ச்சுரை என்ற சொல்லை அவர் சொல்லிக் கேட்டதும் உண்டு. இரண்டையும் நான் சேர்த்துப் பார்க்கவில்லை.

நல்ல சுரையில் கசப்பு திரும்பி வருவதற்கு இரண்டு வழிகள் உண்டு. முதல் வழி விதை. சுரைப்பூ வெள்ளையாகச் சாயங்காலத்தில் மலர்வது. அந்துப்பூச்சியும் வண்டும் ஒரு கொடியின் மகரந்தத்தை இன்னொன்றுக்கு எடுத்துப் போகும். பக்கத்தில் எங்கோ ஒரு பேய்ச்சுரை வேலியில் படர்ந்திருந்தால், அதன் மகரந்தம் உங்கள் நல்ல கொடியின் பூவில் விழலாம். அன்றைக்கு விளையும் காய் கசக்காது, ஏனென்றால் காயின் சதை தாய்க்கொடியுடையது. கலப்பு உள்ளே இருக்கும் விதையில்தான் நடந்திருக்கும். அந்த விதை அடுத்த வருஷம் முளைத்துக் கொடியாகிக் காய்க்கும்போது கசப்பு வெளியே வரும். "போன வருஷம் அதே காய்தான், தேனா இருந்துச்சு, அதோட விதையைத்தான் போட்டேன்" என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. குப்பையில் தானாக முளைத்த கொடி இன்னும் மோசம். அதன் விதை எங்கிருந்து வந்தது என்றே நமக்குத் தெரியாது. பெரியப்பா வீட்டுக் கொடி இந்த வகைதான்.

இரண்டாவது வழி கொடிக்கு வரும் கஷ்டம். கடும் வெயில், தண்ணீர்ப் பஞ்சம், சத்தில்லாத மண், புளிப்பேறிய மண், இவையெல்லாம் கொடியை வாட்டும்போது கசப்புப் பொருள் கூடக்கூடும். முற்றிப்போன காயிலும், சரியாக வைக்காமல் நாள்பட்ட காயிலும் கூடலாம். கடலூர்ப் பக்கம் மே மாதத்தில் மூன்று நாள் தண்ணீர் விடாமல் விட்டால் சுரைக்கொடி எப்படித் துவண்டு தொங்கும் என்று தோட்டம் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். அதனால் கோடையில் இன்னும் கவனம் வேண்டும். மழைக்காலத்தில் பார்க்கவேண்டாம் என்று இதற்கு அர்த்தம் இல்லை. விதையில் இருக்கும் கசப்புக்கு எல்லாக் காலமும் ஒன்றுதான்.

இந்தப் பொருள் உள்ளே போனால் என்ன செய்கிறது? உணவுக்குழாய், இரைப்பை, சிறுகுடல் இவற்றின் உட்சுவரைப் புண்ணாக்குகிறது. அதனால்தான் வாந்தி, வலி, ரத்தம். நுண்ணிய ரத்தக்குழாய்களின் சுவரிலிருந்து நீர் வெளியே கசியவும் வைக்கிறது. வாந்தியிலும் பேதியிலும் போகும் நீரோடு இதுவும் சேரும்போது ரத்த அழுத்தம் சடாரென்று இறங்குகிறது. ஆளைச் சாய்ப்பது இந்த இறக்கம்தான். ஏற்கெனவே ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் ஆபத்து கூடுதல். சுரைக்காய்ச் சாறு குடிப்பவர்களில் அநேகர் அப்படிப்பட்டவர்கள் என்பதுதான் வருத்தம்.

குழம்பைவிடச் சாறு ஏன் ஆபத்து

சுரைக்காய் கூட்டிலோ இறால் போட்ட சுரைக்காய்க் குழம்பிலோ கசப்பு இருந்தால் முதல் வாய்ச் சோற்றிலேயே தெரிந்துவிடும். யாரும் தட்டைக் காலி செய்யமாட்டார்கள். சாறு அப்படி இல்லை. அரைக் காயின் கசப்பு முழுவதும் ஒரு டம்ளருக்குள் இறங்கியிருக்கும். வெறும் வயிற்றில், மெல்லாமல், மூச்சுப் பிடித்து ஒரே இழுப்பில் குடிப்போம். வாய் "வேண்டாம்" என்று சொல்வதற்குள் தொண்டையைத் தாண்டியிருக்கும். 50 மில்லி அளவுக்குக் குடித்தவர்களே பாதிக்கப்பட்டதாக மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

இதைவிடப் பெரிய ஆபத்து நம் மனதில் இருக்கிறது. கசந்தால்தான் மருந்து என்று நாம் வளர்ந்திருக்கிறோம். வேப்பிலைக் கொழுந்து, நிலவேம்புக் கஷாயம், பாகற்காய் என்று கசப்பைப் பொறுத்துக்கொள்வதை நல்ல பழக்கமாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அந்தப் பொறுமையைச் சுரைக்காயிடம் காட்டக்கூடாது. பாகற்காய் கசப்பதுதான் அதன் இயல்பு. அதன் கசப்புப் பொருட்கள் வேறு, நாம் சமைத்துச் சாப்பிடும் அளவில் பழகியவை. சுரைக்காயில் கசப்பு வந்தால் அந்தக் காய் காட்டுக்கொடியின் குணத்துக்குத் திரும்பிவிட்டது என்று பொருள்.

இரண்டையும் கலந்தால் எது எதனுடைய கசப்பு என்று நாக்கால் பிரிக்க முடியாது. 2010-ல் டெல்லியில் ஓர் அறிவியலாளர் இப்படித்தான் இறந்தார். சுரைக்காய்ச் சாற்றை வழக்கமாகக் குடித்துவந்தவர், அன்றைக்குப் பாகற்காய்ச் சாற்றோடு கலந்து குடித்தார். அதே சாற்றைக் குடித்த அவர் மனைவியும் நோயில் விழுந்து பிழைத்தார். 2018-ல் புனேயில் காலை ஓட்டம் முடித்துவந்து சுரைக்காய்ச் சாறு குடித்த ஒரு பெண்மணியும் இறந்தார். டெல்லி மரணத்துக்குப் பிறகு ஐசிஎம்ஆர் எனப்படும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஒரு நிபுணர் குழுவை அமைத்து ஆராய்ந்தது. அந்தக் குழு சொன்னது நான்கே விஷயங்கள்: சாறு எடுக்குமுன் ஒரு துண்டைச் சுவைத்துப் பாருங்கள், கசந்தால் தூக்கி எறியுங்கள், சுரைக்காய்ச் சாற்றை வேறு எந்தச் சாற்றோடும் கலக்காதீர்கள், குடித்தபின் வாந்தியோ வயிற்றுக் கலக்கமோ வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். பெரியப்பா வீட்டில் அன்று காலை இந்த நான்கும் தவறின.

வேக வைத்தால் சரியாகிவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். ஆகாது. இந்தப் பொருள் கொதிக்கும் சூட்டில் அழிவதில்லை. 2015-ல் ஜெர்மனியில் ஹைடன்ஹைம் என்ற ஊரில், பக்கத்து வீட்டுத் தோட்டத்தில் விளைந்த சுக்கினியைச் சமைத்துச் சாப்பிட்ட 79 வயது முதியவர் ஒருவர் இறந்துபோனார். சுக்கினியும் பூசணிக் குடும்பத்துக் காய்தான், விஷமும் இதேதான். கசக்கிறது என்று குறைவாகச் சாப்பிட்ட அவர் மனைவி பிழைத்தார். தோலை ஆழமாகச் சீவுவது, விதையை வழித்தெறிவது, உப்பில் பிசறிப் பிழிவது, புளி கூட்டிவிடுவது, எதனாலும் இந்த விஷம் நீங்காது. வெள்ளரிக்காயின் நுனியை வெட்டி வட்டமாகத் தேய்த்து நுரை வரவழைப்போம் அல்லவா, அதையும் சுரைக்காய்க்கு நம்பாதீர்கள். காம்புப் பக்கத்தில் கசப்பு சற்றுக் கூடுதலாக இருக்கக்கூடும் என்பது உண்மை. அதற்காக மீதிக் காயில் இருப்பது தேய்ப்பதால் வெளியேறிவிடாது.

சுவைத்துப் பார்ப்பது எப்படி

கடையில் பார்த்துக் கண்டுபிடிக்க முடியுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். முடியாது. நீளச் சுரை, குண்டுச் சுரை, வெளிர்பச்சை, கரும்பச்சை, எதிலும் கசப்பு வரலாம். நகத்தால் கீறிப் பார்ப்பது இளசா முற்றலா என்பதைச் சொல்லும், கசப்பைச் சொல்லாது. உழவர் சந்தையில் வாங்கினாலும், புதுச்சேரி பெரிய மார்க்கெட்டில் வாங்கினாலும், இயற்கை விவசாயம் என்று சொல்லி விற்றாலும் இதே நிலைதான். விற்கிறவருக்கும் தெரியாது. இளசாகப் பார்த்து வாங்குங்கள், அதற்குமேல் சோதனையை வீட்டில்தான் செய்யவேண்டும்.

காயைக் கழுவிக் காம்புப் பக்கம் ஒரு விரற்கடை அளவு வெட்டி ஒதுக்குங்கள். வெட்டிய முகத்திலிருந்து நகத்தளவு மெல்லிய சீவல் ஒன்றை எடுங்கள். தோலுக்கு அடியில் இருக்கும் பச்சையான சதையும் அதில் இருக்கட்டும். காயை நீளவாக்கில் பிளந்து, நடுவில் விதையை ஒட்டிய பஞ்சுச் சதையில் ஒன்று, பூ இருந்த நுனிப் பக்கத்தில் ஒன்று எடுங்கள். மூன்று இடம் எதற்கு என்றால், கசப்பு காய் முழுக்க ஒரே அளவில் பரவியிருக்காது. ஒரு பக்கம் மட்டும் பார்த்துவிட்டு நம்பினால் ஏமாறலாம்.

முதலில் சீவலை நுனிநாக்கில் தொட்டுப் பாருங்கள். அங்கேயே கசந்தால் வேலை முடிந்தது, துப்பிவிடலாம். தெரியவில்லை என்றால் முன்பற்களால் இரண்டு மூன்று முறை கடித்து, வரும் நீரை நாக்கின் பின்பக்கம் வரை படவிட்டுப் பத்து எண்ணும் வரை பொறுங்கள். இந்தக் கசப்பு சிலசமயம் கொஞ்சம் தாமதித்து அடிநாக்கில் ஏறும், அதற்காகத்தான் இந்தப் பொறுமை. கசந்தாலும் கசக்காவிட்டாலும் விழுங்காமல் துப்பி வாயைக் கொப்பளியுங்கள். பிறகு அடுத்த சீவல்.

காபி குடித்த வாய், வெற்றிலை புகையிலை போட்ட வாய், கசப்பு மாத்திரை சாப்பிட்ட வாய் இதற்கு உதவாது. வாயைக் கழுவிச் சற்று நேரம் கழித்துப் பாருங்கள். காய்ச்சல், சளி என்று நாக்கு மரத்திருக்கும் நாளில் வேறு ஆளைப் பார்க்கச் சொல்லுங்கள். கசப்பை உணரும் திறன் ஆளுக்கு ஆள் மாறும். எனவே முடிந்தால் வீட்டில் இரண்டு பேர் பார்ப்பது நல்லது. எங்கள் வீட்டில் இப்போது நானும் என் கணவரும் பார்க்கிறோம். இருவரில் ஒருவர் "லேசா கசக்கிற மாதிரி இருக்கு" என்றால் அந்தக் காய் குப்பைக்குப் போகும். இன்னொருவர் வாதாடுவதில்லை. குழந்தைகளை இந்த வேலைக்கு விடவேண்டாம்.

ஒவ்வொரு காயையும் தனித்தனியாகப் பார்க்கவேண்டும். ஒரே கடையில் வாங்கிய இரண்டு காய்கள் வெவ்வேறு தோட்டத்திலிருந்து வந்திருக்கலாம். ஒரே கொடியில் முந்தைய வாரக் காய் நன்றாக இருந்தது என்பதும் இந்த வாரக் காய்க்கு உத்தரவாதம் ஆகாது. நேற்று பாதி வெட்டி ஃபிரிட்ஜில் வைத்தது என்றால் இன்று அதையும் ஒருமுறை நாக்கில் வையுங்கள். ஒரு காய் கசந்தால் கத்தியையும் பலகையையும் சோப்புப் போட்டுக் கழுவியபிறகே அடுத்ததை வெட்டுங்கள். இல்லாவிட்டால் நல்ல காயும் கசப்பதுபோலத் தெரியும்.

சாறுதான் எடுக்கப்போகிறீர்கள் என்றால் இன்னொரு படியும் இருக்கிறது. அரைத்து வடிகட்டியதும், உப்பு, இஞ்சி, எலுமிச்சை, புதினா எதையும் சேர்ப்பதற்கு முன், ஒரு துளியை விரலில் தொட்டு நாக்கில் வையுங்கள். சீவலில் தப்பிய கசப்பு இங்கே தெரியும். இதையும் தாண்டினால்தான் மற்றதைச் சேர்க்கலாம். பாகற்காயையோ வேறு காயின் சாற்றையோ ஒருபோதும் சேர்க்காதீர்கள். பாகற்காய்ச் சாறு வேண்டும் என்றால் வேறு ஒரு நாளில் தனியாகக் குடியுங்கள். என்னைக் கேட்டால் சுரைக்காயைச் சாறாகக் குடிக்கவே வேண்டியதில்லை, கூட்டாகவோ பொரியலாகவோ சாப்பிட்டாலே போதும். வெளியில் வண்டிக் கடையில் முன்கூட்டியே அரைத்துப் பாட்டிலில் வைத்திருக்கும் சுரைக்காய்ச் சாற்றை நான் இப்போது வாங்குவதில்லை. எந்தக் காயை யார் சுவைத்துப் பார்த்தார்கள் என்று அந்தப் பாட்டிலைப் பார்த்துச் சொல்ல முடியாது.

குடித்துவிட்டால்

குடிக்கும்போதே கசப்புத் தெரிந்தால் அங்கேயே நிறுத்துங்கள். வாயில் இருப்பதைத் துப்பிவிட்டுக் கொப்பளியுங்கள். காசு கொடுத்து வாங்கியது, கஷ்டப்பட்டு அரைத்தது என்று மிச்சத்தை முடிக்கவேண்டாம். தொந்தரவு சில நிமிடங்களிலும் தொடங்கலாம், சில மணி நேரம் கழித்தும் தொடங்கலாம். பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் தெரிந்துவிடும். குமட்டல், வாந்தி, வயிற்றில் முறுக்கும் வலி, பேதி என்று வரும். வாந்தியில் ரத்தமோ காபித்தூள் போன்ற கருப்போ வரலாம். எழுந்தால் தலை சுற்றுவதும், குளிர்ந்து வியர்ப்பதும் ரத்த அழுத்தம் இறங்குவதன் அடையாளம். அதுவரை காத்திருக்கக் கூடாது. கசப்புச் சாறு குடித்த பிறகு முதல் குமட்டல் வந்தாலே கிளம்பவேண்டிய நேரம். வண்டி இல்லை என்றால் 108-ஐ அழையுங்கள். அவரைத் தனியாக ஸ்கூட்டரை ஓட்டிக்கொண்டு போகவிடாதீர்கள், வழியில் மயங்கலாம்.

விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்காதீர்கள், புண்ணாகிக்கொண்டிருக்கும் உணவுக்குழாயை அது மேலும் புண்ணாக்கும். மோர், எலுமிச்சைச் சாறு, அல்சர் மாத்திரை என்று வீட்டு வைத்தியத்தில் நேரத்தைக் கழிக்கவேண்டாம். நாங்கள் அப்படிக் கழித்தது ஒன்றரை மணி நேரம். மருத்துவமனையில் முதல் வாக்கியமாகவே சொல்லுங்கள்: கசப்பான சுரைக்காய்ச் சாறு குடித்தார், இத்தனை மணிக்கு, இவ்வளவு. அவர் சாப்பிடும் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளின் பெயரையும் சொல்லுங்கள். மீதிச் சாறோ காயோ இருந்தால் ஒரு பாட்டிலில் எடுத்துக்கொண்டு போங்கள். இந்த விஷத்துக்கென்று தனி முறிவு மருந்து கிடையாது. குளுக்கோஸ், உப்புநீர் ஏற்றி ரத்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடிப்பதும், அமிலத்தைக் குறைத்துப் புண்ணை ஆறவிடுவதும், தேவைப்பட்டால் எண்டோஸ்கோப்பி செய்து பார்ப்பதும்தான் சிகிச்சை. இது நேரத்துக்குக் கிடைத்தால் பெரும்பாலானவர்கள் சில நாட்களில் தேறிவிடுகிறார்கள். சேர்ந்து குடித்த மற்றவர்களுக்கு இன்னும் ஒன்றும் தெரியாவிட்டாலும் அவர்களையும் காட்டிவிடுங்கள்.

கசந்த காயையும் கொடியையும் என்ன செய்வது

கசந்த காயில் நல்ல பாதி, கெட்ட பாதி என்று பிரிக்காதீர்கள். முழுக் காயும் போகவேண்டும். மாட்டுக்கும் ஆட்டுக்கும் போடாதீர்கள், இந்தப் பொருள் அவற்றுக்கும் விஷம்தான். விதையோடு குப்பைக்குழியிலோ உரக்குழியிலோ போட்டால் அடுத்த மழைக்கு அங்கேயே முளைத்துவிடும். கவரில் கட்டி நகராட்சிக் குப்பை வண்டியில் கொடுப்பது மேல். கசந்த காயை ஆசைக்குக்கூட விதைக்கு முற்றவிடக் கூடாது.

வீட்டுக் கொடியில் ஒரு காய் கசந்தால் தண்ணீர்க் குறையாகவும் இருக்கலாம், விதைக் கோளாறாகவும் இருக்கலாம். எது என்று தோட்டத்தில் நின்று சொல்ல வழி இல்லை. தண்ணீர் விட்டுப் பார்ப்போம், அடுத்த காய் சரியாகலாம் என்று காத்திருப்பதை நான் ஏற்கமாட்டேன். ஒரு சுரைக்கொடிக்காக இந்தச் சோதனை தேவையில்லை. வேரோடு பிடுங்கிவிடுங்கள். தானாக முளைத்த சுரைக்கொடியைக் காய்க்கும் வரை விட்டுவைக்கவே வேண்டாம். விதை வேண்டும் என்றால் கடையில் புதிதாக வாங்குங்கள். சொந்த விதைதான் வேண்டும் என்பவர்கள், அக்கம்பக்கத்து வேலிகளில் வேறு சுரை படரவில்லை என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் எடுக்கலாம். அதில் விளையும் காயையும் ஒவ்வொன்றாகச் சுவைத்துத்தான் பார்க்கவேண்டும்.

பெரியப்பா வீட்டுக் குப்பைக்குழி ஓரத்துக் கொடியை அவர் வீடு திரும்புவதற்கு முந்தைய நாள் நானும் பெரியம்மாவும் பிடுங்கினோம். அதில் இன்னும் மூன்று பிஞ்சுகள் இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு சீவல் எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தேன். மூன்றுமே கசந்தன.